பூனை காணவில்லை: பஞ்சுவுக்குக் காது கேட்காது, கூப்பிட்டால் வராது

தம்பி, போஸ்டருக்கான வாசகம் முழுவதும் கீழே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது உனக்கு; மற்றதெல்லாம் அப்படியே அச்சாக வேண்டும். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்காதே, எனக்கு ஒரு போன் போடு, எந்த வரியை எடுக்கலாம் என்று சொல்கிறேன். லேசர் பிரிண்டரிலேயே எடு. இங்க்ஜெட்டில் எடுத்தால் ஒரு தூறலுக்கே எண் கரைந்து வழிந்துவிடும்.

முதல் தாள்: சுவரிலும் கம்பத்திலும் ஒட்டுவது

[ஏ4, நெட்டுவாக்கில். உச்சியில் தாளின் முழு அகலத்துக்கும் ஒரு கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து. தலைப்பு ஒரே வரியில் அடங்கட்டும். "பூனை" முதலில் வரவேண்டும். வெறும் "காணவில்லை" என்று பெரிதாகப் போட்டால் ஆள் யாரோ தொலைந்துவிட்டதாக நினைத்துப் படத்தைப் பார்க்காமலே போய்விடுவார்கள். "உதவுங்கள்", "ப்ளீஸ்", ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம்.]

பூனை காணவில்லை

[பட்டைக்குக் கீழே, தலைப்பில் பாதி அளவில்:]

முழு வெள்ளை. இரண்டு கண்ணும் நீலம். காது கேட்காது.

[இதற்கு அடுத்து படம். தாளின் உயரத்தில் ஏறக்குறைய பாதியை அதுவே எடுத்துக்கொள்ளட்டும். நான் அனுப்பிய மூன்றில் இரண்டாவது படம்: கரும்பச்சைப் போர்வை மேல் பக்கவாட்டில் நிற்கிறாளே, அது. வால் நுனிவரை தெரிகிறது, கழுத்துப் பட்டையும் தெரிகிறது. பின்னணியை வெட்டி எடுத்துவிடாதே, வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூனை காணாமலே போய்விடும். வெளிச்சத்தையும் கூட்டாதே. மடியில் படுத்திருக்கும் படம் எனக்குப் பிடித்ததுதான், ஆனால் அதைப் பார்த்து யாரும் தெருவில் அவளை அடையாளம் காண முடியாது. முகம் மட்டும் உள்ள மூன்றாவது படத்தைப் பெரிய படத்தின் கீழ் வலது மூலையில், தீப்பெட்டி அளவில், வெள்ளைக் கோடு கட்டி வை. கண்ணின் நீலம் தெரிவதற்காகத்தான் அது. கறுப்பு வெள்ளையில் எடுக்கவே எடுக்காதே.]

[படத்துக்கு அடியில், நடுவில்:]

பஞ்சு. பெண். வயது 4. சிறிய உடம்பு, குட்டை முடி, நீள வால். கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது, கழன்றும் போயிருக்கலாம்.

மார்ச் 14, சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணியளவில் மூன்றாவது குறுக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டிலிருந்து வெளியே போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை. பயந்து பக்கத்திலேயே எங்கோ ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

துரத்த வேண்டாம். பிடிக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே ஒரு போட்டோ எடுத்து, உடனே அழையுங்கள்.

[எண் தனி வரியில், தலைப்புக்கு அடுத்த பெரிய எழுத்து இதுதான்:]

55501 42736

நள்ளிரவானாலும் அழைக்கலாம். வாட்ஸ்அப்பும் இதே எண்தான். தகவல் தருபவருக்குச் சன்மானம் உண்டு.

[தொகையைப் போடாதே. தொகை தெரிந்தால் நாலு பேர் சேர்ந்து வளைத்துப் பிடிக்கப் பார்ப்பார்கள், அவள் இன்னும் தூரம் ஓடிவிடுவாள். அப்புறம், தொகையைக் குறிவைத்துப் பொய்யாக அழைப்பவர்களும் கூடுவார்கள்.]

கிழித்து எடுக்கும் சீட்டுகள்

[தாளின் அடியில் பத்துச் சீட்டு, எழுத்து நெட்டுவாக்கில் திரும்பியிருக்க வேண்டும். ஏ4 அகலம் 21 செ.மீ., ஆகவே ஒவ்வொன்றும் 2.1 செ.மீ. வரும். எண்ணை மட்டும் போட்டால், வீட்டுக்குப் போய்ச் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது எதற்கான எண் என்றே ஞாபகம் இருக்காது. பத்திலும் இதே மூன்று வரி:]

வெள்ளைப் பூனை, நீலக் கண்
பஞ்சு, காது கேட்காது
55501 42736

[சீட்டுகளுக்கு நடுவில் உள்ள கோட்டில் கத்தரிக்கோலால் மேல்வரை வெட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். லேமினேட் செய்யாதே, கிழிக்க வராது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையின் வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்படி ஒட்டு. சீட்டுகள் மட்டும் வெளியே தொங்கட்டும். ஒட்டியதும் ஓரத்துச் சீட்டு ஒன்றை நீயே கிழித்துவிடு. ஒன்றும் கிழியாத போஸ்டரில் முதல் ஆளாகக் கை வைக்க எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருக்கும்.]

இரண்டாம் தாள்: தெருமுனைக்கு

[ஏ3. வண்டியில் போகிறவர்களுக்கானது, அதனால் படமும் மூன்று வரியும் போதும். சீட்டு வேண்டாம். மஞ்சள் அட்டையில் ஒட்டினால் தூரத்திலேயே கண்ணில் படும்.]

வெள்ளைப் பூனை காணவில்லை
நீலக் கண், சிவப்புப் பட்டை
55501 42736

மூன்றாம் தாள்: நம் தெருவிலும் பின் தெருவிலும் வீடு வீடாகக் கொடுப்பது

[இதில் படம் சிறிதாக இடது மேல் மூலையில் இருந்தால் போதும். கதவிடுக்கில் செருகிவிட்டு வராதே. ஆள் இருந்தால் கையில் கொடுத்து, போஸ்டரைக் காட்டி இரண்டு வார்த்தை பேசு.]

அக்கம்பக்கத்து வீட்டாருக்கு வணக்கம்.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மாடி வீட்டில் இருக்கிறோம். சனிக்கிழமை இரவு கீழ் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் பீரோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு அதிர்ந்ததில் எங்கள் பூனை பஞ்சு மிரண்டு வெளியே ஓடிவிட்டது. பிறவியிலேயே காது கேளாத பூனை. நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகளில் இது அடிக்கடி வருவதுதான். ஒலி கேட்காதே தவிர, அதிர்வை நன்றாக உணரும். அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ உணவு டப்பாவைக் குலுக்குவதோ பயன் தராது. காலை ஓங்கி வைத்து நடந்தால் இன்னும் உள்ளே பதுங்கிக்கொள்ளும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மிரண்ட பூனை தூரம் போகாமல் முதலில் கிடைக்கும் இடுக்கில் புகுந்து, அசையாமல் சத்தமில்லாமல் கிடக்கும். படிக்கட்டுக்கு அடியில், மோட்டார் அறையில், மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால், பழைய சாமான் போட்டு வைத்த அறையில் பாருங்கள். சனி இரவுக்குப் பிறகு பூட்டி வைத்த அறையோ ஷெட்டோ இருந்தால் அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். "நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லையே, அங்கே எப்படி இருக்கும்?" என்று விட்டுவிடாதீர்கள்; யாரும் போகாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். காரை எடுக்கும் முன் பானெட்டை ஒரு தட்டுத் தட்டுங்கள். இந்தப் பூனைக்குத் தட்டுகிற ஒலி கேட்காது, அதிர்வு தெரியும். இருந்தாலும் திறந்தும் பார்த்துவிடுவது நல்லது.

பகலில் தேடுவதைவிட இரவில் டார்ச் அடித்துத் தேடுவது சுலபம். பெரும்பாலான பூனைகளின் கண் வெளிச்சத்தில் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். பஞ்சுவின் கண் சிவப்பாக மின்னும். இருட்டில் தரையோடு தரையாக இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தால் எங்களுக்கு அதுவே பெரிய தகவல். டார்ச்சை அதன் முகத்தில் பிடித்துக்கொண்டே இருக்காமல், அதற்கு முன்னால் தரையில் விழும்படி இரண்டு மூன்று முறை அணைத்து அணைத்துக் காட்டுங்கள். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது அப்படித்தான்.

நடுராத்திரியில் குழந்தை அழுவதுபோல் பெரிய குரலில் ஒரு பூனை கத்தினாலும் சொல்லுங்கள். தன் குரல் தனக்கே கேட்காததால் பஞ்சு சாதாரணப் பூனையைவிடச் சத்தமாகக் கத்தும். இதுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது அந்தக் குரல் யார் காதிலாவது விழ வேண்டும் என்றிருக்கிறது.

உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் அந்த அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு அழையுங்கள். பின்னாலிருந்து போய்த் தொடாதீர்கள், திடுக்கிட்டுக் கீறிவிடும்; கீறினால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். செலவு எங்களுடையது. தண்ணீர் வையுங்கள், பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூனைகள் சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரல் பாதிக்கப்படலாம் என்பதால், "நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாமல் அந்நேரமே அழையுங்கள்.

யாராவது ஏற்கெனவே எடுத்து வளர்க்கத் தொடங்கியிருந்தால், நன்றி. எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம். அதன் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் இருக்கிறது. கால்நடை மருத்துவரின் ஸ்கேனரில் 15 இலக்க எண் தெரியும், அது எங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிப் பணத்தை முதலில் அனுப்பச் சொல்பவர்களுக்கும், போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே அச்சிடாத ஓர் அடையாளம் பஞ்சுவின் உடம்பில் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு.

உங்கள் வாசலில் பஞ்சுவின் பழைய துணியோ மண் தட்டோ வைத்திருப்பதைப் பார்த்தால் தயவுசெய்து எடுத்துப் போட வேண்டாம். வாசனை பிடித்து வரட்டும் என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வைப்போம். பூனை கிடைத்ததும் போஸ்டர்கள் எல்லாவற்றையும் நாங்களே வந்து எடுத்துவிடுவோம்.

மீனா, மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி எதிரில்
55501 42736

[தம்பி, கடைசியாக ஒன்று. அச்சுக்குப் போவதற்கு முன் மூன்று தாளிலும் சீட்டிலும் உள்ள எண்ணை உன் போனிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார். நான் எடுத்தால் சரி, அனுப்பிவிடு.]