வாள் மூன்று: உங்கள் சிநேகிதியைப் பற்றிய வாசிப்பு

அன்பான தங்கச்சி,

உங்கள் சிநேகிதி கனடாவுக்குப் போவதை உங்களிடம் மறைத்ததைப் பற்றி நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். நடுவில் நீங்கள் பேசாமல் இருந்த இடத்தையும் கேட்டேன். நேற்றுப் பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு, உங்கள் கேள்வியை நீங்கள் சொன்ன சொல்லிலேயே மனதில் வைத்து மூன்று டாரட் அட்டைகள் எடுத்தேன்: "அவள் ஏன் எனக்கு இப்படிச் செய்தாள், இனி என்ன?" முதல் அட்டை இருந்ததற்கு, நடு அட்டை நடப்பதற்கு, கடைசி அட்டை போகிற திசைக்கு. கிண்ணம் ஆறு, வாள் மூன்று, வாள் ஆறு வந்தன. மூன்றும் நேராகவே விழுந்தன.

நடு அட்டையின் படத்தைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றிருக்கும். சாம்பல் மேகம், மழை, நடுவில் ஒரு சிவப்பு இதயம், அதை ஊடுருவிய மூன்று வாள்கள். டாரட்டில் இதைவிட வெளிப்படையான படம் இல்லை. 1909இல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் இதை வரைந்தார். அதற்கு நானூறு வருடங்களுக்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செய்த ஒரு பழைய அட்டைக்கட்டிலும் இதே இதயமும் இதே மூன்று வாள்களும் உண்டு. இந்த வலிக்கு வேறு படம் யாருக்கும் கிடைக்கவில்லைப் போல.

சரி, முதல் அட்டையிலிருந்து வருகிறேன்.

கிண்ணம் ஆறு பழைய முற்றம் ஒன்றின் படம். பெரிய பிள்ளை ஒன்று, வெள்ளைப் பூ வைத்த கிண்ணத்தைச் சின்னப் பிள்ளைக்கு நீட்டுகிறது. ஆறாம் வகுப்பில் நீங்கள் இருவரும் கோட்டை வாசலில் மான்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுத்ததைச் சொன்னீர்களே, அதுவேதான் இது. பதினாறு வருடப் பாசம் பொய்யில்லை என்பதை அட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறது. "எல்லாம் நடிப்பா" என்று அழுதுகொண்டு கேட்டீர்கள். நடிப்பில்லை, தங்கச்சி.

ஆனால் படத்தை இன்னொரு முறை பாருங்கள். கொடுப்பது ஒருவர், வாங்குவது மற்றவர். உங்கள் பேச்சிலும் அது இருந்தது. அவளுக்கு ரியூஷன் வகுப்புப் பார்த்துக் கொடுத்தது நீங்கள். ஏ.எல்.லில் எந்தப் பாடம் எடுப்பது என்று சொன்னதும், அந்தப் பெடியனை வேண்டாம் என்று சொல்ல வைத்ததும் நீங்கள்தான். எல்லாம் அன்பால் செய்தவை. ஆனால் அந்த முற்றத்தில் சின்னப் பிள்ளையாக நின்றவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. கனடாவுக்கு விண்ணப்பித்ததை உங்களிடம் மறைத்துவிட்டு மூன்றாவது ஒருத்தியிடம் சொன்னாள் என்றால், உங்களை மதிக்காததால் அல்ல என்றே எனக்குப் படுகிறது. நீங்கள் "போகாதே" என்று சொன்னால் தன்னால் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி வாள் மூன்று. வாள் என்பது காற்றின் இனம். டாரட்டில் அது எண்ணத்துக்கும் சொல்லுக்கும் உரியது. இங்கே இதயத்தைத் துளைத்தவை சொற்கள். எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று, அவள் சொல்லாமல் விட்டது. இரண்டு, பத்திரகாளி அம்மன் கோயிலடியில் மற்றவள் உங்களிடம் "உமக்குத் தெரியாதா?" என்று கேட்டது. மூன்றாவது, அன்றிரவு பதினொரு மணிக்கு நீங்கள் வட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பியது. அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. அவளுடைய தகப்பன் போனதைப் பற்றிய அந்த ஒரு வரி. அது உங்கள் கையிலிருந்து போன வாள்.

இதை எழுத எனக்கு மனமில்லாமல்தான் இருந்தது. ஆனால் இரண்டு வாள் மட்டும் இருப்பதுபோல வாசித்து அனுப்பினால் நான் உங்களை ஏமாற்றுவதாகிவிடும்.

படத்தில் அந்த வாள்களைப் பிடித்திருக்கும் கை எதுவும் இல்லை. ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. யார் குத்தினார் என்ற வழக்கை அட்டை விசாரிக்கவில்லை. இதயமும் ஒன்றுதான் இருக்கிறது. அது உங்களுடையதா அவளுடையதா என்று பிரிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இயங்கிய 'கோல்டன் டோன்' என்ற குழு இந்த அட்டைக்குத் துலாத்தில் நிற்கும் சனியை வைத்தது. நம் சாத்திரத்தில் சனி உச்சம் பெறுவது துலாத்தில்தான். கடுமையானவன், ஆனால் தராசு பிடித்தவன். இந்தத் துக்கம் உங்களிடம் கேட்பதும் அந்த நிறுவையைத்தான்: அவளுடைய பங்கு அவளுக்கு, உங்களுடையது உங்களுக்கு.

எங்கள் திருகோணமலையில் வாளுக்குக் கதை பஞ்சமில்லை. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் குனிந்து பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறை திரும்பச் சேரவில்லை, ஆனாலும் கோயில் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. கன்னியாவில் அதே இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் வாளால் குத்தினான் என்றும், குத்திய ஏழு இடத்திலும் வெந்நீர் வந்தது என்றும் சொல்வார்கள். செத்தவர்களுக்கு அங்கே போய் அந்தியேட்டி செய்கிறோம், முழுகுகிறோம், வீட்டுக்கு வருகிறோம். முறிந்த சிநேகிதத்துக்கு நம்மிடம் அப்படி ஒரு சடங்கும் இல்லை. யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. "விடு, வேற ஆள் கிடைக்கும்" என்கிறார்கள். உங்களுக்கு ஒரு மாதமாக நித்திரை வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசி அட்டை வாள் ஆறு: ஓடக்காரன் ஒருவன் துடுப்பு ஊன்ற, முக்காடிட்ட பெண்ணும் பிள்ளையும் முதுகைக் காட்டியபடி போகிறார்கள். ஆறு வாளும் படகிலேயே குத்தி நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் அலைகிறது, மறுபக்கம் அமைதி. அவள் போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்களும் இந்தக் கரையிலிருந்து நகர்கிறீர்கள். பழையபடி ஒட்டிக்கொள்வதை இந்த அட்டைகளில் நான் காணவில்லை. தூரத்திலிருந்து, வேறு விதமாக, இரண்டு பெரிய ஆட்களாகப் பேசிக்கொள்வதற்கு இடம் இருக்கிறது. ஆறில் பாதிதான் மூன்று. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அது வந்திருப்பதைப் பாதி வழி என்றே வாசிக்கிறேன்.

அவள் புறப்பட இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்றீர்கள். அதற்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். அவள் மறைத்ததைக் கேட்க வேண்டாம், மற்றவளின் பேரை எடுக்க வேண்டாம். தகப்பனைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். "பதில் போடு" என்று எழுதாதீர்கள். நீலக் குறி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு முற்றத்தில் இருங்கள்.

இதே கேள்விக்கு வேறு யாரிடமும் போய்த் திரும்ப அட்டை எடுக்க வேண்டாம். அவள் போன பிறகு, உங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் வாருங்கள், பார்ப்போம். காசு அப்போது தரலாம்.

கன்னியாவுக்குப் போக மனம் வந்தால் விடிய வெள்ளனப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பொழுது ஏறினால் சனம் கூடிவிடும், ஆறுதலாக நின்று ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்ற விடமாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா