தரகர் அண்ணாச்சிக்கு நன்றி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மறுவீடு முடிந்து நேற்றுதான் மீனாவும் மாப்பிள்ளையும் கோவில்பட்டிக்குக் கிளம்பினார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. உட்கார்ந்ததும் முதலில் உங்கள் நினைவுதான் வந்தது.

இரண்டு வருடம் ஜாதகக் கட்டோடு அலைந்தோம். செவ்வாய் தோஷம் என்று சொல்லி மூன்று இடம் தட்டிப்போனபோது நான் ஓய்ந்து போனேன். நீங்கள் விடவில்லை. "பிள்ளை குணத்துக்கு நல்ல இடம் அமையும், பொறுங்க" என்று வெயிலில் பாளையங்கோட்டைக்கு நடையாய் நடந்தீர்கள். மாப்பிள்ளைக்குக் கடன் இருக்கிறது என்பதைப் பெண் பார்க்க வரும் முன்பே மறைக்காமல் சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உங்கள் மேலும் அந்தக் குடும்பத்தின் மேலும் நம்பிக்கை வந்தது. நகைப் பேச்சில் இரண்டு பக்கமும் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுத்ததையும் மறக்க மாட்டோம்.

பேசிய தரகுப் பணம் நிச்சயத்தன்றே கொடுத்தாயிற்று. இது அதில் சேராது. தம்பி கையில் ஒரு தட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஆடி கழியட்டும், மதினியைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் சாப்பிட வாருங்கள்.

அன்புடன்,
மீனாவின் அப்பா, அம்மா

(தட்டில் வைத்த சீட்டு)
அண்ணாச்சிக்கு வேட்டி சட்டை, மதினிக்குச் சுங்குடிச் சேலை, வெற்றிலை பாக்கு, பழம், உறையில் ரூ.5,001. எங்கள் பெண்ணுக்கு நல்ல இடம் காட்டிய கைகளுக்கு, மனசார.