நல்லாசிரியர் விருது விழா: ஏற்புரை

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, என்னோடு விருது பெற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விருது பெற்றவர்கள் சார்பில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் என்பது கொஞ்சம் ஆபத்தான நம்பிக்கை. நாங்கள் எதையும் மூன்று முறை சொல்லிப் பழகியவர்கள்.

என்னை அறிமுகம் செய்தவர் நான் பல மாவட்டங்களில் அனுபவம் பெற்றவர் என்றார். உண்மைதான். 1991-இல் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தபோது அது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம். நான் அந்த ஒன்றியத்தை விட்டு நகரவே இல்லை, மாவட்டங்கள்தான் என்னைக் கடந்து போயின.

விருதுச் செய்தி வந்ததும் பிள்ளைகளிடம் சொன்னேன். கைதட்டினார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் யோசித்துவிட்டு, "டீச்சர், நீங்க நல்ல டீச்சர்னு இப்பதான் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டாள். அவள் என்னைப் பாராட்டினாளா, அரசாங்கத்தைக் குறை சொன்னாளா, இல்லை சந்தேகப்பட்டாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

விருதுக்கான படிவத்தில் என் சாதனைகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை நிரப்ப நான் பட்ட பாடு! வந்த முறைகளுக்கெல்லாம் வளைந்து கொடுத்ததைத்தான் சாதனை என்று சொல்ல முடியும். செயல்வழிக் கற்றல் வந்தது, பிள்ளைகளோடு தரையில் பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். உட்காருவதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை, எழுந்திருப்பதில்தான். 2010-இல் சமச்சீர் கல்வி, 2022-இல் எண்ணும் எழுத்தும். இப்போது வருகைப் பதிவைச் செல்போனில் போட வேண்டும். சிக்னல் கிடைக்காத அன்று எல்லோரும் வந்திருந்தும் யாரும் வராத மாதிரிதான்.

பழைய மாணவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஒருவன் எங்கள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். என்னிடம் காசு வாங்கவே மாட்டான், தன் பையிலிருந்து போட்டு டிக்கெட் கிழிப்பான். 2021-இல் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் பஸ்ஸில் எனக்கு மட்டும் இருந்த மரியாதை அன்றோடு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமை ஆசிரியர் என்ற முறையில் பயிற்சி, கூட்டம், புள்ளிவிவரம் எல்லாவற்றுக்கும் நான் போவேன். தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றாலும் அப்படித்தான். நான் வெளியே போகிற நாளிலெல்லாம் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஐந்து வகுப்பையும் ஒருவராகப் பார்ப்பார். ஒரு பக்கம் 'அ' எழுத வைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் பின்னம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால்தான் தெரியும். என் படிவத்தில் இருந்த நல்ல வரிகளில் பாதி அவர் வேலை. இன்று அவரை மேடைக்கு அழைக்க ஆசைப்பட்டேன், அவரால் வர முடியவில்லை. காரணம், நான் இங்கே இருக்கிறேன்.

சத்துணவு சமைக்கும் அக்காவும் இதில் பங்குதாரர்தான். ஒரு பிள்ளை வராவிட்டால் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். முட்டை மிஞ்சியதை வைத்துக் கணக்குப் போடுவார், ஆள் அனுப்பி விசாரிப்பார். ஊரில் இடைநிற்றல் குறைந்ததற்கு என் பேச்சுத்திறன் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதக்கத்தோடு 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அதை என்ன செய்யலாம் என்று பள்ளியில் கேட்டேன். ஒன்றாம் வகுப்பு ஊஞ்சல் என்றது. ஐந்தாம் வகுப்பு கிரிக்கெட் மட்டை என்றது. அக்கா மிக்சி என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. ஊர் ஆடுகள் தவறாமல் வருகின்றன, தாமதமாக வருவதே இல்லை, விடுப்பும் எடுப்பதில்லை. சுவர் கேட்டும், இன்னும் ஓர் ஆசிரியர் கேட்டும் மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள் என்று ஐயா சொல்லலாம். திங்கட்கிழமை நான் வந்தால் அந்த டீச்சர் மறுபடியும் ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதனால் மனுவைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். ஐயா, இதோ.

நன்றி, வணக்கம்.