சம்பளமும் புதிய திகதியும்

அக்கா, நேற்று அனுப்பியதை விளக்கமாக எழுதுகிறேன். ஒக்டோபரில் இருந்து உங்கள் சம்பளம் 35,000 இல்லை, 42,000 ரூபா. வேலையும் நேரமும் அப்படியேதான். ஞாயிறும் போயாவும் லீவு, அதற்காக ஒரு சதமும் வெட்டமாட்டேன்.

இனி அந்தந்த மாதச் சம்பளம் அதே மாதம் 28ஆம் திகதி கிடைக்கும், அடுத்த மாதம் 10ஆம் திகதி வரை காத்திருக்க வேண்டாம். செப்டெம்பர் சம்பளத்தை மட்டும் வழமைபோல ஒக்டோபர் 10இல் தருவேன். 28ஆம் திகதி லீவு நாளென்றால் முதல்நாளே தந்துவிடுவேன். தீபாவளிக் காசு வேறு, இதில் சேராது.

வெள்ளவத்தைக்கு வர பஸ் காசே எவ்வளவு போகிறதென்று எனக்குத் தெரியும். 42,000 போதாதென்றால் தயங்காமல் சொல்லுங்கள், இருந்து கதைப்போம். பேங்கில் போடவா, கையில் தரவா? உங்களுக்கு எது வசதி?