அக்டோபர் – டிசம்பர் 2026: சரக்கு இருப்பு எடுப்பும் மறு ஆர்டரும்

பாளையங்கோட்டைக் கடையும் பின்பக்கக் குடோனும் சேர்த்து. கல்லா அருகே ஒரு பிரதி, குடோன் கதவில் ஒரு பிரதி ஒட்ட வேண்டும்.

முழு இருப்பு எடுக்கும் நாள்

அக்டோபர் 4, ஞாயிறு. அன்று மதியம் 2 மணிக்குக் கடையை அடைத்துவிடுவோம். 2.30-க்கு எண்ணத் தொடங்கி இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். கதவை அடைத்த பிறகு பில் போடக் கூடாது, லோடு இறக்கக் கூடாது. பற்று நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்பி இன்னும் பில் ஆகாத சரக்கு இருந்தால், கல்லாவில் இருக்கும் தங்கச்சி 2 மணிக்குள் அதை ஏற்றிவிடட்டும். இல்லாவிட்டால் இல்லாத சீனியைத் தேடி எல்லோரும் சாயங்காலம் வரை அலைய வேண்டியதுதான்.

இரண்டு இரண்டு பேராக எண்ணுங்கள்: ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத. குடோன் அடுக்குகிற தம்பி குடோனை எண்ண வேண்டாம், அவர் முன்கடைக்கு வரட்டும். கம்ப்யூட்டரில் என்ன இருப்பு காட்டுகிறது என்பதை எழுதுகிறவர் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கை தானாக அந்த எண்ணையே எழுதும். பிரித்த மூட்டையைக் கண் அளவில் எழுதாமல், தராசில் வைத்துச் சாக்கு எடையைக் கழித்து எழுதுங்கள். எண்ணி முடித்த தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் இரட்டைக் கணக்கு வராது.

கணக்குக்கும் இருப்புக்கும் 100-க்கு 2 வரை வித்தியாசம் வந்தால் சில்லறை நிறுவையில் போனது என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் வேறு இருவர் மறுபடி எண்ண வேண்டும். பாக்கெட் சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. சோப்பு சிந்தாது, காயாது.

ஓடுகிற சரக்கு

வாரம் இருமுறை, திங்களும் புதனும் இரவு கடை அடைக்கும் முன் எண்ண வேண்டும். ஆர்டர் சொல்லும் அளவு இப்படி வருகிறது: ஒரு நாள் விற்பனையை, சரக்கு வந்து சேரும் நாளும் காப்பு நாளும் கூட்டிப் பெருக்கினால் கிடைப்பது. சீனி நாளுக்கு 20 கிலோ போகிறது, வர 2 நாள், காப்பு 3 நாள். ஆகவே 100 கிலோ, அதாவது 2 மூட்டை மிச்சம் இருக்கும்போதே போன் போட வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகு போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், போனவர் சீனியோடு பருப்பையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்.

| சரக்கு | நாள் விற்பனை | வர ஆகும் நாள் | ஆர்டர் அளவு | நவம்பர் 15 முதல் |
|---|---|---|---|---|
| புழுங்கலரிசி, 26 கிலோ சிப்பம் | 2 சிப்பம் | 2 | 10 சிப்பம் | 16 சிப்பம் |
| சீனி | 20 கிலோ | 2 | 100 கிலோ | 160 கிலோ |
| துவரம்பருப்பு | 8 கிலோ | 3 | 48 கிலோ | 72 கிலோ |
| உளுந்து | 6 கிலோ | 3 | 36 கிலோ | 54 கிலோ |
| சன்பிளவர் எண்ணெய், 1 லிட்டர் | 30 பாக்கெட் | 2 | 150 பாக்கெட் | 240 பாக்கெட் |

சொல்லிவிட்டு இன்னும் வராத சரக்கையும் இருப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்க்காததால்தான் ஒரே மூட்டையை இருவர் இருமுறை சொல்வது நடக்கிறது. ஆர்டர் சொன்னவர் உடனே நோட்டில் தேதியோடு எழுதட்டும்.

சோப்பு, டீத்தூள், பிஸ்கட், ஷாம்பு சரம் எல்லாம் லைன் வண்டியில் வருபவை. வண்டி வியாழக்கிழமை மட்டும்தான் வரும். ஆகவே இவற்றுக்கு வரும் நாள் எப்போதும் 7 என்றே கணக்கு, அதோடு காப்பு 2. குளியல் சோப்பு நாளுக்கு 6 போகிறது என்றால் புதன் இரவு 54-க்குக் கீழே இருக்கக் கூடாது. சேல்ஸ்மேன் 'ஸ்கீம் இருக்குண்ணே' என்று இரண்டு பெட்டி கூடுதலாகத் தள்ளப் பார்ப்பார். நம் விற்பனையில் 15 நாளுக்குள் தீருமா என்று மட்டும் பாருங்கள், தீராது என்றால் இலவசமும் வேண்டாம்.

ஓடாத சரக்கு

ஏலக்காய், கசகசா, ஜாதிக்காய், முந்திரி: மெதுவாகப் போனாலும் விலை கூடியவை. 200 கிராம் குறைந்தாலும் ஒரு நாள் லாபம் போய்விடும். ஆகவே அக்டோபர் 25, நவம்பர் 29 இரண்டு ஞாயிறுகளிலும் இவற்றை மட்டும் சின்னத் தராசில் நிறுத்து எழுதுங்கள்.

திப்பிலி, அதிமதுரம், பூஜைச் சாமான், பாட்டில் சர்பத் போன்றவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறை எண்ணினால் போதும். 90 நாளில் ஒன்றும் விற்காதது எதுவானாலும் மறு ஆர்டர் கிடையாது. அக்டோபர் 4 அன்று எழுதும்போதே அவற்றின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போடுங்கள். காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஏஜென்சியிடம் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுக்காததைக் கல்லாப் பக்கம் வைத்து விலை குறைத்துத் தள்ளிவிடலாம்.

கருப்பட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கோடையில் பதநீர் இறக்கும்போது வாங்கியதுதான் இப்போது கையில் இருக்கும், மழைக்காலத்தில் விலையும் ஏறும். மறுபடி வாங்குவதைவிட இருப்பதைக் கெடாமல் காப்பதுதான் வேலை. ஈரம் பட்டால் கசிந்து கூழாகும். ஓலைப்பெட்டியோடு மேல்தட்டில் வையுங்கள், வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பண்டிகையும் மழையும்

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மைதா, கடலைமாவு, ரவை, நெய், நல்லெண்ணெய் ஐந்துக்கும் அக்டோபர் 20-க்குள் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வந்துவிட வேண்டும். நவம்பர் 5-க்குப் பிறகு மைதாவும் கடலைமாவும் எடுக்க வேண்டாம், மிஞ்சினால் மழையில் வண்டு பிடிக்கும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பன் மாலை போடுவோர் நெய்யும் கற்பூரமும் கேட்பார்கள், பெரிய தீபத்துக்கு முன் அகல், திரி, பொரி, வெல்லம். டிசம்பர் 10 முதல் கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்திராட்சையும் முந்திரியும் ஓடும். பாளையங்கோட்டையில் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்த 15 நாளுக்கு மட்டும் இவற்றை ஓடுகிற சரக்குப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள், மைதாவுக்கும் திரும்ப ஆர்டர் உண்டு. மார்கழிக்குக் கோலமாவும் பச்சரிசியும்.

அட்டவணையில் நவம்பர் 15-க்குப் பிறகு அளவு கூடியிருப்பது வடகிழக்குப் பருவமழைக்காக. காப்பு 3 நாள் என்பது 6 நாள் ஆகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, சாலையும் ரயிலும் நின்றுபோனது யாருக்கும் மறந்திருக்காது. அரிசி, பருப்பு, எண்ணெயோடு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருக்க வேண்டும். குடோனில் மூட்டை எதுவும் தரையில் நிற்கக் கூடாது. கீழ்வரிசைக்கு இரட்டைப் பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. மழை எச்சரிக்கை வந்தால் சீனியையும் உப்பையும்தான் முதலில் மேலே ஏற்ற வேண்டும்.

காலாண்டு முடிவு

டிசம்பர் 27, ஞாயிறு மதியம் மீண்டும் முழு இருப்பு, அதே முறையில், ஆனால் ஆட்களை மாற்றி. முன்கடையை எண்ணியவர்கள் குடோனுக்குப் போகட்டும். வந்த கணக்கை வைத்து நாள் விற்பனை எண்களைத் திருத்திப் புது அட்டவணை எழுதுகிறேன். பொங்கலுக்கு மண்டவெல்லமும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் 28-ஆம் தேதி காலையிலேயே சொல்லிவிட வேண்டும், எண்ணிய சீட்டுகள் அதற்கு முன்னால், 27 இரவே, என் கைக்கு வர வேண்டும்.