செல்வி கவிதாவின் பணி குறித்த பரிந்துரைக் கடிதம்

மதுரை,
18.06.2024

சின்னாளப்பட்டி ஜவுளி நிறுவன உரிமையாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

எங்கள் கடையில் வேலை பார்த்த செல்வி கவிதாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர் வேலை, கீழே ஆறு பேர், வெளியூர்ப் பாக்கி வசூலும் அதே பொறுப்பில் வரும் என்று போனில் சொன்னீர்கள். அந்த வேலையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கவிதாவிடம் காட்டிவிட்டேன். வசூல் பற்றி எழுதியதைப் படித்தவர், "சரிதான் சார், இருக்கட்டும்" என்றார்.

கவிதா 2019 ஜூலை முதல் 2024 ஏப்ரல் 30 வரை விளக்குத்தூண் பக்கமுள்ள எங்கள் சுங்குடி மொத்தக் கடையில் இருந்தார். பில் போடும் வேலைக்கு வந்தவர். 2021-ல் கணக்கையும் சரக்கு இருப்பையும் சேர்த்து அவரிடம் கொடுத்தோம். நான் தினமும் கடையில் இருப்பவன் என்பதால் கீழே எழுதுவதெல்லாம் நேரில் பார்த்தது.

முதலில் இருப்புக் கணக்கு. இதில் அவரைப் போல ஒருவர் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. எங்கள் தொழிலில் சேலை ஒரே இடத்தில் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். துணி முதலில் புள்ளி கட்டும் பெண்களின் வீடுகளுக்குப் போகும், அங்கிருந்து சாயப்பட்டறைக்கு, அப்புறம் முடிச்சுப் பிரித்து, கஞ்சி போட்டு, மடித்துக் குடோனுக்கு வரும். ஒவ்வொரு கைக்கும் சலான் உண்டு. அதில் ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும்.

2022-ல் ஆடி வியாபாரத்துக்கு முன்னால் குடோனை எண்ணியபோது சிவப்பு-மஞ்சள் கட்டுச் சேலை 46 குறைந்தது. குடோன் பையன் மேல் எல்லோருக்கும் சந்தேகம். உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். கவிதா மட்டும், "குறைஞ்சதை மட்டும் பார்க்க வேண்டாம் சார், எங்கேயாவது கூடியிருக்கான்னு பார்க்கிறேன்" என்று சலான் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரக்கு நிறத்தில் சரியாக 46 சேலை கூடுதலாக இருந்தது. சாயம் ஓடிவிட்டது என்று பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, மேலே அரக்கு ஏற்றி வாங்கிய சேலைகள் அவை. அவற்றைப் பழைய நம்பரில் கழிக்கவும் இல்லை, புது நம்பரில் வரவு வைக்கவும் இல்லை. அந்தப் பையன் இன்றும் எங்களிடம் வேலை பார்க்கிறான். அதற்கப்புறம், மறுசாயத்துக்குப் போகும் சரக்குக்குத் தனிச் சலான் புத்தகம் போட்டவர் கவிதாதான். அவர் போன பிறகும் அதைத்தான் பின்பற்றுகிறோம்.

புள்ளி கட்டும் பெண்களுக்கு ஆளுக்கொரு அட்டை போட்டு, கொடுத்த துணி, திரும்பி வந்த துணி, தர வேண்டிய கூலி மூன்றையும் எழுதிவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பணம் கொடுப்பார். கூலித் தகராறு என்று ஒருவரும் என்னிடம் வராமல் போனது அதனால்தான்.

ஜிஎஸ்டி விஷயத்தில் அவர் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ரிட்டர்னைப் போடுவது ஆடிட்டர் அலுவலகம். 11-ம் தேதிக்குள் போக வேண்டிய விற்பனை விவரத்தையும் 20-ம் தேதி ரிட்டர்னுக்கான கொள்முதல் ஒப்பீட்டையும் டேலியில் சரிபார்த்து அனுப்பியது கவிதா. அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் நாங்கள் தாமதக் கட்டணம் கட்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேலும் போகிற சரக்குக்கு ஈ-வே பில்லை அவரே எடுப்பார். ஏற்றுமதிக் காகித வேலை எங்களிடம் கிடையாது. அதனால் அது அவருக்குத் தெரியும் என்றோ தெரியாது என்றோ நான் சொல்ல முடியாது.

பணத்தில் நேர்மை பற்றி ஒரே வரிதான். ரொக்கப் பெட்டிச் சாவி மூன்று வருடம் அவரிடம் இருந்தது, ஒரு நாளும் எனக்குக் கவலை வந்ததில்லை.

இனி, நீங்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டியவை.

வசூல் அவருக்கு வராது. பாக்கிப் பட்டியலைத் துல்லியமாக வைத்திருப்பார், யார் எத்தனை நாள் தாண்டினார்கள் என்று கேட்டவுடன் சொல்வார். ஆனால் பார்ட்டிக்குப் போன் போட்டு, "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்று பதில் வந்தால் அதோடு வைத்துவிடுவார். தேனிப் பக்கத்துக் கடை ஒன்றின் பாக்கி 90 நாளைத் தாண்டியும் புது ஆர்டருக்குச் சரக்கு போக விட்டார், என்னிடம் கேட்கத் தயங்கி. 2023-ல் வசூலை மட்டும் வேறு ஒருவரிடம் மாற்றினேன். அதை அவர் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டியலை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் வேலையில் வசூல் முக்கியம் என்றால், அந்தப் பகுதிக்கு வேறு ஆள் வைப்பது இருவருக்கும் நல்லது.

கீழே இருப்பவர்களிடம் வேலை வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குக் கீழே இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆரம்பத்தில் பையன் பில்லைத் தப்பாகப் போட்டால் அவனிடம் சொல்லாமல், இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து தானே திருத்துவார். நான் சொன்ன பிறகு, கடைசி ஒரு வருடத்தில், பக்கத்தில் உட்காரவைத்துத் தப்பைக் காட்டித் திருத்தவைக்கப் பழகிக்கொண்டார். இன்னும் கண்டிப்பு போதாது, ஆனால் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். ஆறு பேரைச் சமாளிப்பாரா என்பதை நான் பார்த்ததில்லை. முதல் சில மாதம் யாராவது துணைக்கு இருந்தால் பழகிவிடுவார் என்பது என் அபிப்பிராயம்.

காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்த நாட்கள் நிறைய. திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். சாயங்காலம் அதைவிட அதிக நேரம் இருந்துவிட்டுத்தான் போவார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்வார், சொல்லாமல் நின்றதில்லை.

ஏன் விலகினார் என்று கேட்டீர்கள். சம்பளம்தான் காரணம். அவர் கேட்ட தொகை அவர் வேலைக்குத் தகுந்ததுதான், எங்கள் கடை வியாபாரத்தில் அதைக் கொடுக்க வசதிப்படவில்லை. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, குடோனை முழுக்க எண்ணிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அவருக்கு நாங்களோ எங்களுக்கு அவரோ தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

அவருக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா, வீட்டில் யார் யார் என்றும் விசாரித்தீர்கள். தப்பாக எண்ண வேண்டாம், அதற்கும் அவர் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதால் நான் எழுதவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்று நினைத்தால் அவரிடமே கேளுங்கள், சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

மறுபடியும் அவரை வேலைக்கு எடுப்பீர்களா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: கணக்குக்கும் இருப்புக்கும் நாளைக்கே எடுப்பேன். வசூலுக்கு எடுக்க மாட்டேன்.

வேறு விவரம் வேண்டுமானால் முன்பு பேசிய நம்பரிலேயே மதியம் 2 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மறுசாயச் சலான் புத்தகத்தையும் கூலி அட்டைகளையும் பார்க்க விரும்பினால் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ரெங்கராஜன்
உரிமையாளர், சுங்குடி மொத்த வியாபாரம்
விளக்குத்தூண், மதுரை

நகல்: செல்வி கவிதா