அலுமினாவை உருக்காமல் கிரையோலைற்றில் கரைப்பது ஏன்?

புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டு இருக்கிறது என்பது திருகோணமலை மாவட்டத்தில் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள தைத்தேனியத்தைக் கரியோடு சூடாக்கி எடுக்க முடியாது. உலோகத்துக்குப் பதிலாகக் காபைட்டுத்தான் மிஞ்சும். அலுமினியத்துக்கும் இதே தலைவலி உண்டு. புவியோட்டில் நிறைப்படி ஏறத்தாழ 8 சதவீதம் அலுமினியம்தான், வேறெந்த உலோகமும் இவ்வளவு இல்லை. அப்படியிருந்தும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை அது விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. தாதுவுக்குப் பஞ்சமில்லை. ஒட்சிசனின் பிடியிலிருந்து உலோகத்தைக் கழற்றுவதில்தான் எல்லாக் கஷ்டமும்.

இரும்பென்றால் ஊதுலையில் கோக்கைப் போட்டால் காரியம் முடிந்தது. அலுமினாவைக் (Al₂O₃) காபனால் தாழ்த்துவதற்கு 2000 °C ஐத் தாண்ட வேண்டும். அந்த வெப்பநிலையில் உருவாகும் அலுமினியம் சும்மா இராமல் காபனுடன் சேர்ந்து Al₄C₃ ஆக மாறத் தொடங்கும். ஆகவே காபனை விட வலுவான தாழ்த்தும் கருவி தேவை. 1854 முதல் பிரான்சில் டெவில் என்ற வேதியியலாளர் சோடியத்தைக் கொண்டு அலுமினியம் குளோரைட்டைத் தாழ்த்தினார். விலை வெகுவாக இறங்கியது, ஆனால் சோடியத்தைத் தயாரிப்பதே செலவு என்பதால் அலுமினியம் மலிவாகவில்லை. மிஞ்சியிருந்த வழி மின்சாரம்.

மின்பகுப்பு என்றதும் முதலில் தோன்றுவது, ஒரு அலுமினிய உப்பை நீரில் கரைத்து மின்னை விடலாமே என்பது. விட்டால் கதோட்டில் ஐதரசன் வாயுதான் வரும். Al³⁺/Al இன் நியம மின்வாய் அழுத்தம் −1.66 V, நீர் அதற்கு வெகு முன்பாகவே தாழ்த்தப்பட்டுவிடும். சரி, நீரில்லாமல் AlCl₃ ஐ உருக்கிப் பார்க்கலாமா? அது பெரும்பாலும் பங்கீட்டுவலுத் தன்மையானது, சாதாரண அமுக்கத்தில் உருகாமல் ஏறத்தாழ 180 °C இல் பதங்கமாகும். எனவே பார்வை மறுபடியும் ஒட்சைட்டின் மீதே திரும்புகிறது.

Al₂O₃ இல் மும்மை நேரேற்ற அயனும் இரட்டை எதிரேற்ற அயனும் நெருங்கி நிற்பதால் சாலகசக்தி மிக அதிகம். அதன் உருகுநிலை 2050 °C ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் உருக்கு உருகி ஓடிவிடும். உலைகளுக்குள் பதிக்கும் தீக்கற்கள் பலவற்றின் முக்கிய கூறே அலுமினா என்பதால், உருகிய அலுமினாவை எதில் வைப்பது என்பதே கேள்வியாகிவிடும். ஒருவேளை பாத்திரம் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உருகிய அலுமினாவின் அடர்த்தி ஏறத்தாழ 3 g cm⁻³. அலுமினியம் அதைவிட இலேசானது. உருவாகும் உலோகம் மேலே மிதந்து அனோட்டுப் பக்கத்து வாயுக்களிடம் மாட்டி மறுபடி ஒட்சைட்டாகிவிடும். எரிபொருள் செலவை மட்டும் காரணமாக எழுதிவிட்டு நகரும் விடைகளில் இந்தப் பக்கம் விடுபட்டுப்போகிறது.

1886இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் ஹெரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே விடையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914 என்பது வேதியியல் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. அவர்கள் அலுமினாவை உருக்கவில்லை. உருகிய கிரையோலைற்றில் (Na₃AlF₆) கரைத்தார்கள். கிரையோலைற்று 1000 °C ஐ ஒட்டி உருகும். அதில் சில சதவீதம் அலுமினாவைக் கரைத்து, AlF₃ ஐயும் CaF₂ ஐயும் சேர்த்தால் கலம் 950–970 °C இல் ஓடும். ஆகவே 'உருகிய அலுமினாவை மின்பகுத்தல்' என்று எழுதுவது சரியல்ல. கலத்தில் இருப்பது ஒரு கரைசல், கரைப்பான் கிரையோலைற்று.

உருகுநிலை தாழ்ந்த உப்புகள் எத்தனையோ இருக்க இதுவே ஏன்? முதலாவது, அலுமினாவைக் கணிசமாகக் கரைக்கும் உருகிய உப்புகள் அரிது. கிரையோலைற்றில் அலுமினா Al₂OF₆²⁻, Al₂O₂F₄²⁻ போன்ற அயன்களாக மாறித்தான் கரைகிறது; புளோரைட்டு அயன்கள் சாலகத்தை உடைத்துக்கொடுக்கின்றன. அடுத்தது, அது நன்றாக மின்னைக் கடத்தும். மின்னோட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது Na⁺ அயன்கள்தான். ஆனாலும் கதோட்டில் இறக்கமடைவது சோடியமல்ல, அலுமினியம், ஏனெனில் இந்தச் சூழலில் அலுமினியத்தைத் தாழ்த்துவது எளிது. அனோட்டிலும் இதே கதைதான்: புளோரைட்டை ஒட்சியேற்றுவதைவிட ஒட்சைட்டை ஒட்சியேற்ற மிகக் குறைந்த அழுத்தம் போதும். இப்படிக் கிரையோலைற்று எல்லா வேலையும் செய்துவிட்டு, கொள்கையளவில் தான் செலவாகாமல் இருந்துவிடுகிறது.

அடர்த்தியும் இப்போது நம் பக்கம். 960 °C அளவில் கரைசலுக்கு ஏறத்தாழ 2.1, திரவ அலுமினியத்துக்கு 2.3 g cm⁻³. சிறிய வித்தியாசம்தான், ஆனால் அதுவே உலோகத்தை அடியில் தங்கவைத்து மேலிருந்து மூடிக்காக்கிறது. கலத்தின் ஓரங்களில் மின்பகுபொருள் குளிர்ந்து உறைந்து ஒரு படையாகிறது. உருகிய புளோரைட்டு சுவரை அரிக்காமல் தடுப்பது அந்தப் படையே.

மின்வாய்த் தாக்கங்களைப் பரீட்சையில் இப்படி எழுதுவோம்:

கதோட்டு: Al³⁺ + 3e⁻ → Al
அனோட்டு: C + 2O²⁻ → CO₂ + 4e⁻
மொத்தம்: 2Al₂O₃ + 3C → 4Al + 3CO₂

அனோட்டுக் காபன் தேய்வதை ஒரு குறைபாடாக மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வை. தேயாத அனோட்டில் ஒட்சிசன் வாயு வெளியேறுவதென்றால் கொள்கையளவில் ஏறத்தாழ 2.2 V வேண்டும். காபன் எரிந்து உதவுவதால் அது 1.2 V ஆகக் குறைகிறது. மின்சக்தியின் ஒரு பங்கைக் கரி கொடுக்கிறது என்று கொள்ளலாம். சமன்பாட்டின்படி 1 கிலோ அலுமினியத்துக்கு 36/108, அதாவது 0.33 கிலோ காபன், நடைமுறையில் 0.4 கிலோவும் அதற்கு மேலும் போகும். அலுமினா குறைந்துபோனால் நிலைமை மோசமாகும். கல அழுத்தம் திடீரென்று 30 V அளவுக்கோ அதற்கு மேலோ எகிறும், புளோரைட்டே காபனைத் தாக்கி CF₄, C₂F₆ வாயுக்களை வெளிவிடும். இவை வலுமிக்க பச்சைவீட்டு வாயுக்கள், CF₄ வளிமண்டலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் தங்கும். அதனால்தான் மின்பகுபொருளின் மேல் உறைந்திருக்கும் ஓட்டினை உடைத்து உடைத்துச் சிறிது சிறிதாக அலுமினாவை ஊட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி மின்கணக்கு. 27 கிராம் அலுமினியத்துக்கு 3 மோல் இலத்திரன். 1 கிலோவுக்கு:

(1000/27) × 3 × 96 500 C ≈ 1.07 × 10⁷ C ≈ 2980 Ah

கலம் 4.2 V இல் ஓடினால் 12.5 kWh. கொள்கைக்கு 1.2 V போதுமென்றால் மிச்சம் எங்கே போகிறது? மின்பகுபொருளின் தடையிலும் மின்வாய்களின் மிகையழுத்தத்திலும். அந்தத் தடையில் பிறக்கும் வெப்பம்தான் கலத்தை உருகிய நிலையில் வைத்திருக்கிறது, வெளியிலிருந்து அடுப்பு மூட்டுவதில்லை. உலோகத்தில் கொஞ்சம் கரைந்து CO₂ உடன் தாக்கமுற்று வீணாவதையும் சேர்த்தால் 13–15 kWh ஆகும். 14 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 அலகு கரண்ட் பாவிக்கும் ஒரு வீட்டின் மின்சாரத்தில் 4 கிலோவுக்குச் சற்று மேல் அலுமினியம் எடுக்கலாம், ஒரு கல்யாண வீட்டுப் பெரிய சட்டிக்கே அது சரியாகிவிடும்.

இதே கணக்கை ஆண்டுக்கு 300 000 தொன் எடுக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போட்டால் இடைவிடாமல் ஏறத்தாழ 480 MW வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மொத்தக் கொள்ளளவே 900 MW. திருகோணமலையில் ஆழமான இயற்கைத் துறைமுகம் இருக்கிறது, அலுமினாவைக் கப்பலில் இறக்குவது பெரிய விடயமல்ல. கரைக்கு வந்த பிறகு அதைப் பிரிக்க மலிவான, ஒரு மணிநேரம்கூட நிற்காத மின்சாரம் கேட்கும். மின் நீண்ட நேரம் தடைப்பட்டால் கலங்கள் அப்படியே உறைந்துபோகும். நீர்மின் தாராளமாக உள்ள ஐஸ்லாந்து, தன்னிடம் அலுமினியத் தாதான பொக்சைற்று இல்லாதபோதும், அலுமினியம் எடுக்கிறது. பழைய சட்டியை வாங்கிப்போகும் வியாபாரிக்கோ இந்தக் கவலை எதுவும் கிடையாது. உலோகமாகவே இருப்பதை 660 °C இல் உருக்கினால் போதும், செலவாகும் சக்தி புதிதாக எடுப்பதில் ஏறத்தாழ 5 சதவீதம்தான்.